35,000 ரூபாய், பி.சி.ஏ., குடியாத்தம்: எந்த லேப்டாப் வாங்குவது?

ஜூன் மாதம் பிறந்தால் முன்பின் தெரியாதவர்களிடமிருந்து எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு முன்னறையிலேயே லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். அதற்கு முன் வேலூரில் ஒரு கல்லூரியின் கணினி லேபைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் யாராவது என் எண்ணை யாருக்காவது கொடுத்துவிடுகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இவ்வளவு பணம் இருக்கிறது, எந்த லேப்டாப் வாங்கலாம்?

2025 ஜூனில் வந்த ஒரு போனைப் பற்றி இங்கே எழுதுகிறேன். பேசியவர் குடியாத்தத்துக்காரர், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. இளைஞர்தான்.

“அண்ணா, உங்களுக்கு என்னைத் தெரியாது. கூட வேலை செய்யறவர் நம்பர் குடுத்தாரு. தங்கச்சி பி.சி.ஏ. சேர்ந்திருக்கா. முப்பத்தஞ்சாயிரம் வெச்சிருக்கேன். ரெண்டு லேப்டாப் பாத்து வெச்சிருக்கேன், ரெண்டுல எதுன்னு மட்டும் சொல்லிடுங்க, போதும்.”

சொல்லும்போதே இரண்டு படங்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். ஒன்று புதியது, 26,000 ரூபாய் அளவில்: 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 15.6 அங்குலத் திரை. இன்னொன்று ரீஃபர்பிஷ்டு, அதாவது ஏதோ ஒரு கம்பெனியில் ஓடிவிட்டுத் திரும்பிவந்து துடைத்து விற்கப்படுவது. அதன் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் “i5, 16 ஜிபி” என்று இருந்தது. விலை 21,000.

“தம்பி, படத்தை அப்புறம் பார்க்கலாம். முதல்ல நான் கொஞ்சம் கேக்கறேன், பதில் சொல்லுங்க” என்றேன்.

அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. ஆனால் அந்தப் பதில்கள் இல்லாமல் நான் எந்த லேப்டாப்பின் பெயரைச் சொன்னாலும் அது குருட்டாம்போக்கில் சொன்னதாகத்தான் இருக்கும்.

முதலில் கேட்டது படிப்பைப் பற்றி. பி.சி.ஏ. என்று அவரே சொல்லிவிட்டார், ஆனால் மூன்று வருடத்தில் என்னென்ன பாடம் என்று பார்த்தாரா? பார்க்கவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு, தங்கையை சிலபஸ் எடுத்துவரச் சொன்னோம். சி, சி++, ஜாவா, பைதான், டேட்டாபேஸ், வெப் டிசைன், கடைசி வருடத்தில் ஆண்ட்ராய்டு ஆப் செய்வது, ஒரு புராஜெக்ட். இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. சி நிரலை ஓட்டுவதற்குப் பத்து வருடத்துக்கு முந்தைய கம்ப்யூட்டரே போதும். ஜாவாவும் பைதானும் கல்லூரி அளவில் பெரிய சுமை தருவதில்லை. இதற்கெல்லாம் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டியதே இல்லை. கடையில் அதைக் காட்டி விலையை ஏற்றினால் கேட்டுக்கொள்ள வேண்டாம்.

சுமை வேறு இடத்தில் இருக்கிறது. விண்டோஸ் 11 சும்மா திறந்து வைத்திருந்தாலே மூன்று, நான்கு ஜிபி ரேமை எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் பிரவுசரில் பத்து பக்கம், ஒரு வீடியோ, நிரல் எழுதும் எடிட்டர், பின்னால் டேட்டாபேஸை ஓட்டும் MySQL எல்லாம் சேர்ந்தால் 8 ஜிபி நிரம்பிவிடும். நிரம்பினால் லேப்டாப், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைத் தற்காலிக ரேமாகப் பயன்படுத்தும், அது ரேமைவிட மெதுவானது. அப்போதுதான் “ஹேங் ஆகுது” என்கிறார்கள். கடைசி வருடத்தில் வரும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்குக் குறைந்தபட்சமே 8 ஜிபி வேண்டும். அதிலேயே போன் மாதிரி ஒன்றைத் திரையில் ஓட்டிப் பார்க்கும் எமுலேட்டரையும் திறந்தால் 8 ஜிபியில் மூச்சு முட்டும். ஆக இந்தப் பெண்ணுக்கு நடுத்தரமான பிராசசர் போதும், ரேம் மட்டும் 16 ஜிபிக்குப் போகிற வழி இருக்க வேண்டும். முதல் கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது.

படிப்பு வேறாக இருந்தால் பதிலும் வேறு. பி.காம். என்றால் டேலியும் எக்செலும்தான், 8 ஜிபியே தாராளம். ஆனால் டேலி விண்டோஸில்தான் ஓடும் என்பதால் விண்டோஸ் இல்லாத குரோம்புக் பக்கம் போகக்கூடாது. மெக்கானிக்கல், சிவில், ஆர்க்கிடெக்சர் என்றால் முப்பரிமாண வரைபடம் வந்துவிடும், 35,000-க்குள் புதிதாக வாங்குவது சிரமம். விஸ்காம் என்றால் திரையின் நிறத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

அடுத்த கேள்வி: லேப்டாப் எங்கே இருக்கும்? ஹாஸ்டலா, வீட்டிலிருந்து போய்வருவதா?

வீட்டிலிருந்துதான். குடியாத்தத்தில் ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கே போக ஒரு பஸ் அல்லது ஷேர் ஆட்டோ, அப்புறம் காட்பாடிக்கு ரயில், காட்பாடியிலிருந்து கல்லூரிக்கு இன்னொரு பஸ். திரும்பும்போதும் அதே. காலை ரயிலில் உட்கார இடம் கிடைக்கிற நாள் குறைவு. தோளில் தொங்கப்போகும் பையில் புத்தகம், டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், கூடவே லேப்டாப். கடையில் எடையைக் கேட்டால் லேப்டாப்பின் எடையை மட்டும் சொல்வார்கள். சார்ஜரையும் சேர்த்துத்தான் நாம் கணக்குப் போட வேண்டும்.

“வகுப்புல பிளக் பாயின்ட் இருக்காம்மா?” என்று தங்கையைக் கேட்டேன்.

“இல்லண்ணா. சீனியர் அக்கா சொன்னாங்க, லைப்ரரியிலதான் சார்ஜ் போடணுமாம்.”

இவ்வளவு தூரம் தோளில் தூக்கிப்போக வேண்டும் என்பதால் 15.6 அங்குலத்தை விட்டுவிட்டு 14 அங்குலம் என்று முடிவு செய்தோம். வகுப்பில் பிளக் இல்லை என்பதால் பேட்டரியைப் பற்றியும் பேச வேண்டியதாகிவிட்டது. “எட்டு மணி நேரம் தாங்கும்” என்று விளம்பரத்தில் போடுவதை நான் கணக்கில் எடுப்பதில்லை. பெட்டியிலோ கம்பெனியின் விவரப் பக்கத்திலோ Wh என்று பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் ஒரு எண் இருக்கும், அதைப் பார்க்க வேண்டும். 41 Wh பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். பிரவுசரும் எடிட்டரும் திறந்து, திரை வெளிச்சம் பாதியில் இருந்தால் இந்த வகை லேப்டாப் சராசரியாக 8 வாட் இழுக்கும். 41-ஐ 8-ஆல் வகுத்தால் ஐந்து மணி நேரம். வீடியோ வகுப்பு ஓடினால், வெளிச்சத்தை முழுதாக வைத்தால் இன்னும் குறையும். பேட்டரிக்கு வயதாக ஆக அதுவும் தேயும். ஆக, அந்தப் பெண்ணுக்கு 41 என்பதுதான் கீழ் எல்லை, 50 கிடைத்தால் நல்லது.

மூன்றாவதாகப் பணத்தைப் பற்றிக் கேட்டேன். 35,000 என்பது மொத்தமும் சேர்த்தா, லேப்டாப்புக்கு மட்டுமா? மொத்தமும் சேர்த்துத்தான். கையில் 20,000, மீதி தவணை. கிரெடிட் கார்டில் வட்டியில்லாத் தவணை என்று கடையில் சொன்னார்களாம். அதில் ஒன்றைக் கவனிக்கச் சொன்னேன். வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக்கொடுத்தாலும், அந்த வட்டித் தொகையின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியை பாங்க் தனியாகப் போடும். பிராசசிங் கட்டணமும் இருக்கும். சில சமயம் தவணையில் போனால் ரொக்கத் தள்ளுபடி கிடைக்காது. எனவே முழுத் தொகை கட்டினால் என்ன விலை, தவணையில் எல்லாம் சேர்த்து என்ன விலை என்று இரண்டையும் எழுதி வாங்கிப் பார்க்க வேண்டும். பையும் மவுஸும் கடையில் இலவசமாகவே தருவார்கள், அதற்காக மாடலை மாற்றிக்கொள்ள வேண்டாம்.

இதற்கு நடுவில் அவர் ஒரு கேள்வி கேட்டார். அரசாங்கம் லேப்டாப் கொடுக்கப்போகிறதாமே, அதுவரை காத்திருக்கலாமா? 2025-26 தமிழக பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு டேப்லெட் அல்லது லேப்டாப் என்ற அறிவிப்பு வந்திருந்தது. தங்கை சேர்ந்திருப்பது தனியார் சுயநிதிக் கல்லூரி. கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவரச் சொன்னேன், அவர்களுக்கு அதுபற்றித் தகவல் எதுவும் வந்திருக்கவில்லை. இதுவே அரசுக் கல்லூரியாக இருந்திருந்தால், முதல் செமஸ்டரை லேபிலேயே ஓட்டிவிட்டுக் காத்திருக்கச் சொல்லியிருப்பேன். முதல் செமஸ்டரில் சி மட்டும்தான், அதற்கு அவசரம் ஒன்றுமில்லை.

கடைசியாகக் கேட்டதுதான் இந்தக் கதையில் எல்லாவற்றையும் தீர்மானித்தது. “இது ரிப்பேர் ஆனா யார் தூக்கிட்டுப் போவாங்க?”

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. அவருக்கு ஷிப்ட் வேலை, ஞாயிறு மட்டும்தான் லீவு. சர்வீஸ் சென்டர்களோ பெரும்பாலும் ஞாயிறு மூடியிருக்கும். அப்பாவுக்குக் கைத்தறி, தறியை விட்டு வர முடியாது. அப்படியென்றால் அந்தப் பெண்தான் கல்லூரி முடிந்து, ரயிலைப் பிடிப்பதற்குள் வேலூருக்குள் அலைய வேண்டும். இப்படிப்பட்ட வீட்டுக்கு, நல்ல நிலையில் இருந்தாலும் ரீஃபர்பிஷ்டு லேப்டாப்பை நான் சொல்ல மாட்டேன். புதியதாக, ஒரு வருட வாரண்டியோடு, முடிந்தால் வீட்டுக்கே ஆள் வந்து பார்க்கும் ஆன்சைட் வாரண்டியோடு வாங்க வேண்டும். எந்த பின்கோடுக்கு ஆள் வருவார்கள் என்பதைக் கஸ்டமர் கேரில் கேட்டுக்கொள்ள வேண்டும். வேலூர் நகரத்துக்கு வருகிறவர்கள் குடியாத்தம் வரை வருவார்களா என்பது வேறு விஷயம்.

இவ்வளவும் பேசிய பிறகுதான் படங்களைத் திறந்தேன்.

அந்த 26,000 ரூபாய் புதிய லேப்டாப்பில் 8 ஜிபியும் 512 ஜிபியும் பெரிதாகப் போட்டிருந்தார்கள். பிராசசர் பெயர் கீழே சின்ன எழுத்தில்: செலரான் N4500. இது இரண்டே கோர், அதாவது ஒரே நேரத்தில் வேலை செய்யும் பகுதிகள் இரண்டே உள்ள பிராசசர், மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடுவதற்காகச் செய்தது. மெயில் பார்க்கலாம், பாடம் கேட்கலாம், வேர்டில் டைப் செய்யலாம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்தால் ஒரு சின்ன ஆப் தயாராவதற்குள் பொறுமை போய்விடும். ரேமும் எஸ்எஸ்டியும் எவ்வளவு இருந்தாலும் பிராசசரின் இந்தக் குறையை ஈடுகட்ட முடியாது. மூன்று வருடப் படிப்புக்கு அது வேண்டாம் என்றேன்.

21,000 ரூபாய் i5-க்கு வருவோம். விளம்பரத்தில் i5 என்பதோடு நின்றுவிட்டது. “முழு நம்பரைக் கேளுங்க” என்று சொல்லிக் கேட்டபோது i5-6300U என்று பதில் வந்தது. இன்டெல் பிராசசரில் கோட்டுக்கு அடுத்து வரும் எண்தான் தலைமுறை. i5-6300U என்றால் ஆறாவது, i5-8350U என்றால் எட்டாவது. 1-இல் தொடங்கினால் இரண்டு இலக்கமாகப் படிக்க வேண்டும்: i5-10310U பத்தாவது, i5-1135G7 பதினொன்றாவது, i3-1215U பன்னிரண்டாவது. ஆறாவது தலைமுறை 2015-இல் வந்தது. லேப்டாப்புக்கான அந்த U வகை i5-இல் இரண்டே கோர். எட்டாவது தலைமுறையில்தான் அதே வகை நான்கு கோர் ஆனது. அதைவிட முக்கியம், விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாவது தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஆதரவு தருகிறது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிவதாக அப்போதே அறிவித்திருந்தார்கள். அதாவது அந்தப் பெண் முதல் செமஸ்டர் முடிப்பதற்குள். குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருவார்கள், ஓடவும் ஓடும். ஆனால் பெரிய அப்டேட் வரும்போது ஏறாமல் நின்றால் கேட்க ஆள் இல்லை. ஆக, இரண்டு படங்களில் எதுவுமே அவருக்குச் சரிப்படவில்லை.

“அப்ப எதைத்தான் வாங்கறது அண்ணா?”

அந்த விலையில் புதிதாகக் கிடைப்பவற்றில் இரண்டு குடும்பங்களைப் பார்க்கச் சொன்னேன். ஒன்று இன்டெல் i3-1215U. பெயர் i3 என்றாலும் இதில் ஆறு கோர்: வேகமானவை இரண்டு, சிக்கனமானவை நான்கு. பி.சி.ஏ.வுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே செய்யும். இன்னொன்று ஏஎம்டி ரைசன். இங்கேதான் ஒரே ஒரு இலக்கத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ரைசன் 5 7520U, ரைசன் 5 7530U இரண்டும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், இரண்டிலும் “ரைசன் 5, 7000 சீரிஸ்” என்றுதான் ஸ்டிக்கர். 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்கிறது. 7520U-வில் அது 2, அதாவது பழைய ஸென் 2 வடிவமைப்பு, நான்கு கோர். 7530U-வில் அது 3, ஸென் 3 வடிவமைப்பு, ஆறு கோர். இன்னொரு வித்தியாசம் பையில் இருந்து பணம் எடுக்கும் விஷயம். 7520U, அதன் தம்பி 7320U இரண்டும் போர்டிலேயே பற்றவைக்கும் வகை ரேமோடுதான் வரும். 8 ஜிபி வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான்.

ரேமைப் பின்னால் கூட்ட முடியுமா என்பதுதான் இந்தப் பெண்ணுக்கு உயிர்நாடி. கடைக்காரரைக் கேட்டால் “எக்ஸ்பாண்டபிள்தான் சார்” என்று பொதுவாகச் சொல்லிவிடுவார். அதை அங்கேயே நின்று பார்த்துவிடலாம். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் அதே மாடலில் Ctrl + Shift + Esc அழுத்தினால் Task Manager திறக்கும். Performance, அதில் Memory. கீழே வலது பக்கம் Slots used என்றும் Form factor என்றும் இரண்டு வரி இருக்கும். Slots used: 1 of 2, Form factor: SODIMM என்று இருந்தால் அது கழற்றிப் போடக்கூடிய ரேம், ஒரு இடம் காலியாக இருக்கிறது என்று அர்த்தம். Row of chips என்று இருந்தால் பற்றவைத்த ரேம். சில மாடல்களில் இந்த வரிகள் தப்பாகவும் காட்டும். அதனால் கம்பெனியின் இணையப் பக்கத்தில் மாடலின் முழு எண்ணைப் போட்டு, மெமரி பகுதியில் ஸ்லாட் எத்தனை என்று ஒத்துப் பார்க்க வேண்டும். முழு எண் என்றால் முழுதாக. ஒரே பெயரில் கடைசி இரண்டு எழுத்து மாறினால் ரேமும் திரையும் மாறிவிடும்.

கடையில் நிற்கும்போதே திரையையும் பார்க்கச் சொன்னேன். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, திரையை மெதுவாகப் பின்னால் சாய்க்க வேண்டும். நிறம் கறுத்து நெகட்டிவ் மாதிரி ஆனால் அது டிஎன் திரை. எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி இருந்தால் ஐபிஎஸ். நாள் முழுக்க எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறவளுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் தெரியும்.

அடுத்த ஞாயிறு அண்ணனும் தங்கையுமாக வேலூர் வந்தார்கள். கடைக்குள் போனபின் எனக்கு வீடியோ கால் போட்டார்கள். கடைசியில் எடுத்தது 14 அங்குலம், i3-1215U, 8 ஜிபி, 512 ஜிபி, ஐபிஎஸ் திரை, ஒரு ரேம் ஸ்லாட் காலி. விலை 33 ஆயிரத்துச் சொச்சம். மிச்சப் பணத்தில் 8 ஜிபி ரேம் ஒன்றை அன்றைக்கே வாங்கிப் போடச் சொன்னேன், அப்போது இரண்டாயிரத்துக்குள் கிடைத்தது. பின்மூடியைத் திறந்தால் வாரண்டி என்ன ஆகும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் கஸ்டமர் கேரில் கேட்டுவிட்டு, கடையின் டெக்னீஷியன் கையாலேயே போட்டு, பில்லில் அதையும் எழுதி வாங்கினார்கள். மூன்றாவது வருடம் தேவைப்படும்போது போட்டுக்கொள்ளலாம் என்று அண்ணன் நினைத்தார், நான்தான் வற்புறுத்தினேன். 2025 முடிவதற்குள் ரேம் விலை உலகம் முழுக்க ஏறி, அதே ரேம் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. இப்போது கேட்கிறவர்களுக்கு அந்த 35,000-இல் இதே சாமான் வராது. 8 ஜிபியோடு வாங்கி, ஸ்லாட் காலியாக இருப்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொன்னேன். புது லேப்டாப்பை முதல் முறை ஆன் செய்ததும் மைக்ரோசாப்ட் கணக்கு கேட்கும். கூட்டமான நேரத்தில் கடைப் பையன் தன்னிடம் இருக்கும் ஏதோ ஒரு மெயிலைப் போட்டு வேகமாக முடித்துக் கொடுத்துவிடுவான். அப்படி நடந்தால் லேப்டாப்போடு வரும் ஆஃபிஸ் அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 11-இன் இப்போதைய பதிப்புகள் மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்ததும் எஸ்எஸ்டியைத் தானாகவே பூட்டிவிடுகின்றன. சாவி 48 இலக்க எண், அது அந்தக் கணக்குக்குள்தான் போய் உட்காரும். சாதாரண நாளில் எதுவும் தெரியாது. லேப்டாப்பைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்கு ஒரு அப்டேட்டோ, போர்டு மாற்றமோ வந்தால், நீலத் திரையில் அந்தச் சாவியைக் கேட்கும்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு மாணவி அப்படி என்னிடம் வந்தாள். கடையில் யாரோ உருவாக்கிய மெயில், அந்த ஆள் வேலையை விட்டுப் போயிருந்தார், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. கணக்கு கைக்குக் கிடைத்தால் aka.ms/myrecoverykey என்ற முகவரியில் சாவியை எடுத்துவிடலாம். கிடைக்கவில்லை. எஸ்எஸ்டியை அழித்துப் புதிதாக விண்டோஸ் போடுவதைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. அவளுடைய இரண்டு செமஸ்டர் ரெக்கார்டும் புராஜெக்டும் அதில் இருந்தன. அன்றிலிருந்து யார் போன் செய்தாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. சொந்த மெயில், சொந்த போன் எண், பாஸ்வேர்டு நோட்டில். அந்த 48 இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி வீட்டு பீரோவில் வைத்துவிட வேண்டும். குடியாத்தத்துப் பெண் கடையிலேயே உட்கார்ந்து தன் மெயிலிலேயே எல்லாவற்றையும் முடித்தாள். பில்லில் இருந்த சீரியல் எண்ணும் லேப்டாப்பின் அடியில் இருந்ததும் ஒன்றா என்று பார்த்ததும் அவள்தான்.

சில வாரம் கழித்து அந்த அண்ணனோடு வேலை செய்யும் ஒருவர் கூப்பிட்டார். “சார், என் பையனுக்கும் ஒண்ணு சொல்லுங்க, அதே மாடல் வாங்கிடறேன்.” கையில் 20,000. பையன் பி.காம். படிக்கிறான். திரும்பவும் அதே கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். லேப்டாப் வீட்டு மேசையை விட்டு நகராது. இவர் வாரம் ஒருமுறை சரக்கு விஷயமாக வேலூர் வருகிறவர், ரிப்பேர் என்றால் தூக்கிவர ஆள் இருக்கிறது. இவருக்குத்தான் ரீஃபர்பிஷ்டு பொருந்தும். 20,000-க்குப் புதிதாக வாங்கினால் அந்த செலரான்தான் வரும். அதே பணத்துக்கு எட்டாவது தலைமுறை i5 போட்ட, கம்பெனிகளுக்கென்று உறுதியாகச் செய்த லேப்டாப் கிடைக்கும். கீல் கெட்டி, கீபோர்டு நன்றாக இருக்கும், ரேம் ஸ்லாட் திறந்திருக்கும்.

i5-8350U ஒன்றைப் பார்த்துவிட்டு, கடைக்காரரின் சம்மதத்தோடு என்னிடம் கொண்டுவந்தார். முதலில் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு விண்டோஸை ரீசெட் செய்து, வைஃபையில் இணைத்தேன். கம்பெனியிலிருந்து வந்த லேப்டாப் பழைய நிர்வாகப் பதிவிலிருந்து நீக்கப்படாமல் இருந்தால், இந்த இடத்தில்தான் அந்த நிறுவனத்தின் லாகின் கேட்டு நிற்கும். அப்படி நின்றால் வாங்கவே கூடாது. இது நிற்கவில்லை. பயாஸ் உள்ளே போனேன், பாஸ்வேர்டு கேட்கவில்லை. அதன் பிறகு பேட்டரி. Command Prompt-இல் ஒரே ஒரு வரி:

```
powercfg /batteryreport
```

அது ஒரு கோப்பை உருவாக்கி, எங்கே வைத்திருக்கிறது என்றும் காட்டும். அதைப் பிரவுசரில் திறந்தால் DESIGN CAPACITY என்பது புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவு, FULL CHARGE CAPACITY என்பது இன்றைய கொள்ளளவு. இதில் 60,000 mWh-க்கு 37,200 இருந்தது. 62 சதவீதம். மேசையில் சார்ஜரோடு ஓடும் லேப்டாப்புக்கு அது பரவாயில்லை. ஆனால் கரண்ட் போனால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. 80-க்கு மேல் இருந்தால் கேட்ட விலையைக் கொடுக்கலாம், 60-க்குப் பக்கம் வந்தால் விலையைக் குறைக்கவோ பேட்டரியை மாற்றவோ கேட்கலாம் என்பது என் கணக்கு. அந்த அறிக்கையை போனில் படம் எடுத்துக்கொண்டுபோய் அவர் கடைக்காரரிடம் காட்டினார். பேட்டரியை மாற்ற கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, 1,500 ரூபாய் குறைத்துக்கொண்டார். ஆறு மாதக் கடை வாரண்டியை பில்லில் சீரியல் எண்ணோடு எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார்.